பகுதியில் இரு வர்க்கமூலங்களின் கூடுதல் இருக்கும்போது அதை விகிதப்படுத்துவது எப்படி?

4/(√7 + √3) என்ற பின்னத்தை எடுத்துக்கொள்வோம். இதன் தொகுதி ஒரு சாதாரண முழு எண். ஆனால் பகுதியில் இரண்டு முறுடுகள், அதாவது முடிவுறாத, சுழல் தன்மையும் இல்லாத தசமங்களாக விரியும் இரண்டு வர்க்கமூலங்கள், கூட்டல் குறியால் இணைந்து நிற்கின்றன. இந்தப் பின்னத்தின் மதிப்பைச் சிறிதும் மாற்றாமல், பகுதியில் விகிதமுறு எண் மட்டுமே இருக்கும்படி அதை மாற்றி எழுதுவதையே பகுதியை விகிதப்படுத்துதல் என்கிறோம். முறுடுகள் மறைந்துபோவதில்லை, அவை பகுதியிலிருந்து தொகுதிக்கு இடம் மாறுகின்றன, அவ்வளவுதான். புதிதாகக் கற்பவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான்: தொகுதியில் வர்க்கமூலம் எஞ்சியிருந்தால் அது பிழையன்று.

இப்படி இடம் மாற்றுவதால் என்ன பயன் என்பதை மிக எளிய பின்னத்திலேயே பார்த்துவிடலாம். 1/√2 இன் மதிப்பைக் கையால் கணக்கிட வேண்டுமானால், 1 ஐ 1.41421 ஆல் நீள்வகுத்தல் முறையில் வகுக்க வேண்டியிருக்கும். வகுக்கும் எண்ணே முடிவில்லாத தசமம் என்பதால், அதை எந்த இலக்கத்தில் வெட்டி நிறுத்துவது என்ற சிக்கலும் சேர்ந்துகொள்ளும். அதே பின்னத்தை √2/2 என்று எழுதிவிட்டால் 1.41421 ஐப் பாதியாக்கினால் போதும்; 0.7071 என்று மனக்கணக்காகவே விடை வந்துவிடும். கணிப்பான் கையில் உள்ளவருக்கு இந்த வசதி பெரிதாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் 2/√2, √2, 4/√8 ஆகிய மூன்றும் ஒரே எண்தான் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் அறியவும், முறுடுகள் கொண்ட பின்னங்களைக் கூட்டிக் கழித்துச் சுருக்கவும், பகுதியில் முறுடு இல்லாத ஒரு பொது வடிவம் எப்போதும் தேவைப்படுகிறது.

முதல் படி: பெருக்கத் தொடங்கும் முன் மூலங்களைச் சுருக்குதல்

மூலக்குறிக்குள் இருக்கும் எண்ணில் முழு வர்க்கக் காரணி ஏதேனும் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதை வெளியே எடுத்துவிட வேண்டும். பலர் இந்தப் படியைத் தாண்டிச் செல்கிறார்கள். பின்னால் வரும் சிரமங்களில் பாதி அதனால் விளைபவை. 10/√75 என்ற பின்னத்தில் 75 = 25 × 3 என்பதால் √75 = 5√3 ஆகும். எனவே பின்னம் 10/(5√3), அதாவது 2/√3 ஆகச் சுருங்கிவிடுகிறது. இப்போது தொகுதியையும் பகுதியையும் √3 ஆல் பெருக்கினால் 2√3/3 என்ற விடை கிடைக்கும். சுருக்காமலேயே √75 ஆல் பெருக்கியிருந்தால் 10√75/75 என்று பெரிய எண்களோடு தொடங்கி, சுற்றுவழியில் அதே விடைக்கு வந்து சேர்ந்திருப்போம்.

பகுதியில் ஒரே ஒரு மூலம் இருக்கும்போது அந்த மூலத்தால் மட்டும் பெருக்கினால் போதும். 5/(2√3) என்ற பின்னத்தைப் பார்த்ததும் சிலர் 2√3 முழுவதாலும் பெருக்குகிறார்கள். அது தவறில்லை, ஆனால் 2 ஏற்கெனவே விகிதமுறு எண்ணாதலால் அதைப் பெருக்குவதில் பயன் எதுவும் இல்லை. √3 ஆல் பெருக்கினால் 5√3/6 என்று நேராகவே வந்துவிடுகிறது.

இரண்டாம் படி: எதனால் பெருக்குவது?

இனி 4/(√7 + √3) க்குத் திரும்புவோம். இங்கே மூலங்கள் இரண்டும் ஏற்கெனவே எளிய வடிவில் உள்ளன. ஒரு மூலம் இருந்தபோது அதே மூலத்தால் பெருக்கினோம். அந்தப் பழக்கத்தில் இங்கும் √7 ஆல் பெருக்கிப் பார்க்கத் தோன்றும். செய்து பார்த்தால் (√7 + √3) × √7 = 7 + √21 என்று வருகிறது. √7 போய்விட்டது; ஆனால் அதன் இடத்தில் √21 வந்து உட்கார்ந்துகொண்டது. அப்படியானால் பகுதி முழுவதையும் அதனாலேயே பெருக்கலாமே என்று அடுத்து எண்ணலாம். அதையும் செய்து பார்ப்போம்:

(√7 + √3)(√7 + √3) = 7 + √21 + √21 + 3 = 10 + 2√21

இதிலும் √21 தப்பித்துக்கொண்டது. போதாததற்கு இரட்டிப்பாகவும் ஆகிவிட்டது. இந்தத் தோல்வியைக் கூர்ந்து பார்ப்பது நல்லது, ஏனென்றால் தீர்வு இதற்குள்ளேயே இருக்கிறது. நான்கு பெருக்கல்கள் நடந்தன. √7 × √7, √3 × √3 ஆகிய இரண்டும் 7, 3 என்ற விகிதமுறு எண்களைத் தந்தன. தொல்லை தந்தவை குறுக்குப் பெருக்கல்களான √7 × √3, √3 × √7 ஆகிய இரண்டும்தான். அவை ஒவ்வொன்றும் √21 ஐத் தந்து, ஒரே குறியோடு இருந்ததால் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. அவற்றில் ஒன்று மட்டும் எதிர்க்குறியோடு வந்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று நீக்கியிருக்கும். அதற்குச் செய்ய வேண்டியது, இரண்டாவது கோவையில் நடுக்குறியை மட்டும் மாற்றுவதுதான்:

(√7 + √3)(√7 − √3) = 7 − √21 + √21 − 3 = 7 − 3 = 4

இவ்வாறு நடுக்குறியை மட்டும் மாற்றி எழுதிய √7 − √3 ஐ √7 + √3 இன் இணை என்றும், விகிதப்படுத்தும் காரணி என்றும் சொல்வார்கள். (x + y)(x − y) = x² − y² என்ற நன்கறிந்த முற்றொருமையே இதன் அடிப்படை. x, y ஆகிய இரண்டும் வர்க்கமூலங்களாக இருக்கும்போது x², y² ஆகிய இரண்டும் மூலக்குறி இல்லாத எண்களாகிவிடுகின்றன. பொதுவாக, a, b ஆகியவை வெவ்வேறான மிகை விகிதமுறு எண்களாக இருந்தால்,

(√a + √b)(√a − √b) = a − b

என்பது எப்போதும் பூச்சியமல்லாத ஒரு விகிதமுறு எண்ணாக இருக்கும். வெவ்வேறானவை என்ற நிபந்தனையை நினைவில் வைத்திருங்கள். அது எவ்வளவு முக்கியமானது என்பதைச் சற்றுப் பின்னர் ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம்.

மூன்றாம் படி: தொகுதியையும் பகுதியையும் ஒருசேரப் பெருக்குதல்

பகுதியை மட்டும் பெருக்கினால் பின்னத்தின் மதிப்பு மாறிவிடும். ஆகவே (√7 − √3)/(√7 − √3) என்ற, மதிப்பில் 1 ஆன பின்னத்தால் பெருக்க வேண்டும்:

4/(√7 + √3) = 4(√7 − √3)/(7 − 3) = 4(√7 − √3)/4 = √7 − √3

தொகுதியில் அடைப்புக்குறியைத் திறக்காமல் 4(√7 − √3) என்று அப்படியே வைத்திருந்ததைக் கவனியுங்கள். பகுதியில் வந்த 4 ஐ நேராக நீக்க அது வழிவிட்டது. 4√7 − 4√3 என்று விரித்திருந்தாலும் அதே விடைதான் வரும். ஆனால் நீக்கக்கூடிய பொதுக்காரணி கண்ணில் படாமல் போகக்கூடும். பகுதியின் மதிப்பைக் கண்டுபிடித்த பிறகே தொகுதியை விரிப்பது நல்ல பழக்கம்.

விடை சரிதானா என்று உடனே சோதித்துவிடலாம். √7 இன் தோராய மதிப்பு 2.64575, √3 இன் தோராய மதிப்பு 1.73205. தொடக்கப் பின்னத்தின்படி 4 ஐ 4.37780 ஆல் வகுத்தால் 0.9137 வருகிறது. விடையின்படி 2.64575 இலிருந்து 1.73205 ஐக் கழித்தாலும் 0.9137 வருகிறது. இந்தச் சோதனை ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கீழே சொல்லப்போகும் பிழைகளில் அநேகமாக அனைத்தையும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

கெழுக்கள் கொண்ட ஒரு முழுக் கணக்கு

தொகுதியிலும் முறுடுகள், மூலங்களுக்கு முன்னால் கெழுக்கள், நடுவில் கழித்தல் குறி ஆகிய மூன்றும் சேர்ந்து வரும் ஒரு பின்னத்தை இப்போது முழுமையாகச் செய்து பார்ப்போம்:

(√5 + 2√2)/(3√2 − √5)

மூலங்கள் எளிய வடிவில் உள்ளன. பகுதியில் கழித்தல் குறி இருப்பதால் அதன் இணை 3√2 + √5 ஆகும். குறியை மட்டும் மாற்ற வேண்டும். கெழுவான 3 ஐத் தொடக்கூடாது. முதலில் பகுதியைக் கவனிப்போம்:

(3√2 − √5)(3√2 + √5) = (3√2)² − (√5)² = 18 − 5 = 13

இங்கே (3√2)² என்பது 9 × 2 = 18 ஆகும். மிக அதிகமாக நிகழும் பிழை இந்த இடத்தில்தான் நிகழ்கிறது: கெழுவை வர்க்கப்படுத்த மறந்து 3 × 2 = 6 என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் பகுதி 6 − 5 = 1 என்று மிக அழகாக வந்துவிடுவதால், பிழை நேர்ந்த ஐயமே எழாது. எண்கள் அழகாக அமைவது விடை சரி என்பதற்குச் சான்றாகாது.

அடுத்து தொகுதி. இங்கே நான்கு பெருக்கல்களையும் தவறாமல் செய்ய வேண்டும். முற்றொருமையின் குறுக்குவழி இதற்குப் பொருந்தாது, ஏனென்றால் பெருக்கப்படும் இரு கோவைகளும் ஒன்றுக்கொன்று இணையல்ல.

√5 × 3√2 = 3√10
√5 × √5 = 5
2√2 × 3√2 = 12
2√2 × √5 = 2√10

விகிதமுறு எண்களைத் தனியாகவும் √10 கொண்ட உறுப்புகளைத் தனியாகவும் கூட்டினால் 17 + 5√10 கிடைக்கிறது. ஆகவே விடை:

(17 + 5√10)/13

17, 5, 13 ஆகியவற்றுக்கு 1 ஐத் தவிர வேறு பொதுக்காரணி இல்லை. எனவே இதை மேலும் சுருக்க முடியாது. சோதித்துப் பார்ப்போம். தொடக்கப் பின்னத்தில் தொகுதியின் தோராய மதிப்பு 2.23607 + 2.82843 = 5.06450, பகுதியின் தோராய மதிப்பு 4.24264 − 2.23607 = 2.00657. வகுத்தால் 2.524 வருகிறது. விடையில் √10 க்கு 3.16228 ஐப் பதிலிட்டால் 32.8114/13, அதுவும் 2.524. கெழுவை வர்க்கப்படுத்த மறந்தவருக்கு இதே இடத்தில் 32.8 என்று வந்திருக்கும். தொடக்கப் பின்னத்தின் மதிப்பு ஏறக்குறைய இரண்டரை என்பதைப் பார்த்ததுமே அவர் தம் பகுதியைத் திரும்பிப் பார்த்திருப்பார்.

சுருக்கும்போது நேரும் ஒரு பிழையையும் இங்கேயே சொல்லிவிடலாம். (6 + 3√5)/3 என்பதை 2 + √5 என்று சுருக்கலாம், ஏனெனில் தொகுதியின் இரண்டு உறுப்புகளும் 3 ஆல் வகுபடுகின்றன. (6 + 2√5)/3 என்பதில் 6 ஐ மட்டும் 3 ஆல் வகுத்து 2 + 2√5 என்று எழுதுவது தவறு. அதுபோலவே √6/2 என்பதில் மூலக்குறிக்குள் இருக்கும் 6 ஐயும் வெளியே இருக்கும் 2 ஐயும் அடித்துவிட்டு √3 என்று எழுதக்கூடாது. மூலக்குறிக்கு உள்ளே இருக்கும் எண்ணும் வெளியே இருக்கும் எண்ணும் ஒன்றோடொன்று நேராக நீங்குவதில்லை.

குறியை ஒழுங்காக வைத்துக்கொள்ளுதல்

1/(√2 + √5) போன்ற பின்னத்தில் இணையை √2 − √5 என்று எடுத்தால் பகுதி 2 − 5 = −3 ஆகிவிடும். விடை (√2 − √5)/(−3) என்று வரும். இது சரியான விடைதான். ஆனால் தொகுதியும் பகுதியும் குறை எண்களாக இருப்பதால், கடைசியில் குறியை மாற்றி எழுதும்போது தடுமாற்றம் ஏற்படுகிறது. கூட்டலில் வரிசை மாறினால் மதிப்பு மாறாது என்பதால், தொடங்கும்போதே பகுதியை √5 + √2 என்று பெரிய மூலம் முன்னால் வரும்படி எழுதிக்கொண்டால், (√5 − √2)/3 என்று நேரடியாகக் கிடைத்துவிடும். ஆனால் பகுதியில் கழித்தல் குறி இருந்தால் இப்படி வரிசை மாற்றக்கூடாது: √2 − √5 உம் √5 − √2 உம் ஒன்றுக்கொன்று எதிரெண்கள்.

இணையே பூச்சியமாகும் இடம்

முதல் படியைத் தாண்டிச் செல்லக்கூடாது என்று ஏன் வற்புறுத்தினேன் என்பது இந்தப் பின்னத்தில் விளங்கும்:

1/(√12 + 2√3)

பார்ப்பதற்கு இது இரண்டு முறுடுகளின் கூடுதல் போலவே இருக்கிறது. எனவே √12 − 2√3 ஆல் பெருக்கத் தோன்றும். பெருக்கினால் பகுதி 12 − 12 = 0 ஆகிவிடுகிறது. தொகுதியும் பூச்சியம்தான், ஏனென்றால் √12 என்பதும் 2√3 என்பதும் ஒரே எண். நாம் 1 ஆல் பெருக்குவதாக எண்ணிக்கொண்டு 0/0 என்ற பொருளற்ற ஒன்றால் பெருக்கிவிட்டோம். மேலே a, b வெவ்வேறானவை என்று நிபந்தனை விதித்தது இதற்காகத்தான். முதலிலேயே சுருக்கியிருந்தால் பகுதி 2√3 + 2√3 = 4√3 என்பது தெரிந்திருக்கும்; √3 ஆல் பெருக்கினால் √3/12 என்று கணக்கு ஒரே வரியில் முடிந்துவிடும். விகிதப்படுத்தும்போது எங்கேனும் பகுதி பூச்சியமாக வந்தால் இரண்டு காரணங்களில் ஒன்றுதான் இருக்க முடியும்: நீங்கள் எடுத்த இணை பூச்சியமாக இருக்கிறது, அல்லது கொடுக்கப்பட்ட பின்னத்தின் பகுதியே பூச்சியமாக இருந்து, அந்தப் பின்னத்துக்குப் பொருளே இல்லாமல் இருக்கிறது.

இவ்வளவு கடுமையாக இல்லாவிட்டாலும், 1/(√18 + √8) போன்றவையும் இதே வகையைச் சேர்ந்தவை. இங்கே இணையால் பெருக்கினாலும் விடை வரும்; ஆனால் √18 = 3√2, √8 = 2√2 என்று கண்டுகொண்டால் பகுதி 5√2 என்ற ஒரே உறுப்பாகிவிடும், விடை √2/10. √18 + √8 ஐ √26 என்று எழுதுவது மட்டும் எந்நிலையிலும் கூடாது. வர்க்கமூலங்களைக் கூட்டும்போது உள்ளே இருக்கும் எண்களைக் கூட்ட முடியாது. 5√2 ஏறக்குறைய 7.07, √26 ஏறக்குறைய 5.10.

பகுதியில் மூன்று மூலங்கள் வந்தால்

இரண்டு மூலங்களுக்கான முறையை நன்றாகப் புரிந்துகொண்டவர், அதையே இருமுறை பயன்படுத்தி மூன்று மூலங்களையும் கையாளலாம். 1/(√2 + √3 + √5) ஐ எடுத்துக்கொள்வோம். மூன்றில் இரண்டை அடைப்புக்குறிக்குள் சேர்த்து ஓர் உறுப்பாகவும், மற்றதைத் தனி உறுப்பாகவும் கருத வேண்டும். எந்த இரண்டைச் சேர்ப்பது என்பது நம் விருப்பம். ஆனால் அந்தத் தெரிவைப் பொறுத்து வேலையின் அளவு மாறுகிறது. √2, √3 ஆகிய இரண்டையும் சேர்த்தால் இணை (√2 + √3) − √5 ஆகும்:

((√2 + √3) + √5)((√2 + √3) − √5) = (√2 + √3)² − 5 = 5 + 2√6 − 5 = 2√6

2 + 3 = 5 என்பதால் விகிதமுறு எண்கள் முழுவதும் நீங்கி, ஒரே ஒரு மூலம் மட்டும் எஞ்சுகிறது. இப்போது பின்னம் (√2 + √3 − √5)/(2√6). தொகுதியையும் பகுதியையும் √6 ஆல் பெருக்கினால் பகுதி 12 ஆகும். தொகுதியில் √12 + √18 − √30 வரும். மூலங்களைச் சுருக்கினால்,

(2√3 + 3√2 − √30)/12

என்பது விடை. தொடக்கப் பின்னம், விடை இரண்டின் தோராய மதிப்பும் 0.1858 என்று வருவதைச் சோதித்துக்கொள்ளலாம். √2 ஐயும் √5 ஐயும் சேர்த்திருந்தால் முதல் பெருக்கலுக்குப் பிறகு பகுதி 7 + 2√10 − 3 = 4 + 2√10 ஆகியிருக்கும்; அதற்கு மீண்டும் ஓர் இணையைத் தேடி, தொகுதியில் நீண்ட பெருக்கல் ஒன்றைச் செய்ய வேண்டியிருந்திருக்கும். விடை ஒன்றுதான் என்றாலும், மூலக்குறிக்குள் இருக்கும் எண்களில் எந்த இரண்டின் கூடுதல் மூன்றாவதற்குச் சமம் என்று முன்கூட்டியே பார்ப்பது பல வரிகளை மிச்சப்படுத்தும். அப்படி எதுவும் அமையாதபோது இரண்டாவது இணையைத் தவிர்க்க இயலாது.

இந்த முறை செல்லாத இடம்

இணையால் பெருக்கும் முறை வர்க்கமூலங்களுக்கு மட்டுமே உரியது. 1/∛2 என்ற பின்னத்தை ∛2 ஆல் பெருக்கினால் பகுதியில் ∛4 நிற்கும், மூலம் போகாது. கனமூலம் நீங்க வேண்டுமானால் உள்ளே முழுக் கனம் உருவாக வேண்டும். ஆகவே ∛4 ஆல் பெருக்கி ∛4/2 என்று பெற வேண்டும். ∛a + ∛b போன்ற கூடுதலுக்கு x³ + y³ = (x + y)(x² − xy + y²) என்ற முற்றொருமையின்படி மூன்று உறுப்புகள் கொண்ட காரணி தேவைப்படுகிறது. நடுக்குறியை மாற்றுவதால் அங்கே எதுவும் நிகழாது.

விகிதப்படுத்தாமல் விடுவதே மேலான இடம்

பகுதியில் முறுடு இருக்கவே கூடாது என்பதை ஒரு சட்டம்போல மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டாம். 1/(√1001 + √1000) என்ற பின்னத்தை விகிதப்படுத்தினால் பகுதி 1001 − 1000 = 1 ஆகி, √1001 − √1000 என்ற மிகச் சுருக்கமான விடை கிடைக்கிறது. இயற்கணிதத்தில் இது சிறந்த வடிவம். ஆனால் தசம மதிப்பு வேண்டுமென்றால் இதுவே மோசமான வடிவம். இரண்டு மூலங்களையும் நான்கு இலக்கத் துல்லியத்தில் எடுத்தால் 31.64 − 31.62 = 0.02 என்று வருகிறது. அதே நான்கு இலக்க மதிப்புகளைத் தொடக்க வடிவில் பதிலிட்டால் 1/63.26 = 0.01581. உண்மையான மதிப்பு 0.0158074 என்பதால், முதல் வழியில் வந்த விடை கால் பங்குக்கு மேல் பிசகியிருக்கிறது. இரண்டாவதோ நான்கு இலக்கங்களிலும் சரியாக இருக்கிறது. ஏறக்குறைய சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது முன்னிலக்கங்கள் ஒன்றையொன்று நீக்கிவிட, துல்லியமற்ற கடைசி இலக்கங்கள் மட்டுமே மிஞ்சுவதுதான் காரணம். கணினியும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான இலக்கங்களையே வைத்துக் கணக்கிடுகிறது என்பதால் இந்த இழப்பு அங்கும் நேர்கிறது. அதனால் எண்முறைக் கணக்கீடுகளில் √1001 − √1000 என்று வந்த கோவையை, இணையால் பெருக்கி, வேண்டுமென்றே மூலங்களைப் பகுதிக்குக் கொண்டுசெல்வதும் உண்டு. செய்யும் பெருக்கல் ஒன்றேதான்; செல்லும் திசை மட்டும் எதிர்த்திசை.

கோவையைச் சுருக்குவதே நோக்கமாக இருக்கும்போது வழக்கமான திசை எவ்வளவு உதவும் என்பதற்கு ஒரு கூட்டுத்தொகையைப் பாருங்கள்:

1/(√1 + √2) + 1/(√2 + √3) + 1/(√3 + √4) + … + 1/(√99 + √100)

இந்த வடிவில் இதன் மதிப்பை ஊகிக்கக்கூட வழியில்லை. 99 பின்னங்களையும் தனித்தனியே கணக்கிட வேண்டும் போலத் தோன்றும். ஒவ்வொரு பின்னத்திலும் மூலக்குறிக்குள் இருக்கும் எண்களின் வித்தியாசம் 1 என்பதால், பெரிய மூலத்தை முன்னால் வைத்து விகிதப்படுத்தினால் எல்லாப் பகுதிகளும் 1 ஆகிவிடுகின்றன:

(√2 − √1) + (√3 − √2) + (√4 − √3) + … + (√100 − √99)

முதல் அடைப்புக்குறியின் √2 ஐ இரண்டாவதன் −√2 நீக்குகிறது. இரண்டாவதன் √3 ஐ மூன்றாவதன் −√3 நீக்குகிறது. இப்படியே கடைசிவரை சென்றால் √100 உம் −√1 உம் மட்டுமே எஞ்சுகின்றன. கூட்டுத்தொகை 10 − 1 = 9.